பூ ஊஞ்சல் புக் செய்பவர்கள் கவனத்துக்கு: பூச்சுற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை பாருங்கள்

ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் வளைகாப்புக்கோ மஞ்சள் நீராட்டுக்கோ பூ ஊஞ்சல் வைக்கப்போகிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். போன ஆனியில் என் தங்கச்சி வளைகாப்பில் எங்களுக்கு நடந்தது இது. டெகரேஷன்காரர் பெயரைப் பொதுவில் போடவில்லை.

வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய படம் அருமையாக இருந்தது. தேக்குப் பலகை, பித்தளைச் சங்கிலி, சங்கிலி முழுக்கச் செண்டுப்பூவும் சம்பங்கியும் சுற்றி, பின்னால் மல்லிச்சர திரை. 22,000 ரூபாய் கேட்டார். 15,000 முன்பணம் ஜிபே செய்தோம். "அண்ணே, ரெண்டு பேரு உக்காந்து ஆடலாம், ஒண்ணும் ஆகாது" என்று போனிலேயே உறுதி சொன்னார்.

விழா நாள் காலையில் நாங்கள் சமையல் பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது அவருடைய ஆட்கள் வந்து வாசலில் இரும்பு ஸ்டாண்ட் வைத்து ஊஞ்சலை மாட்டிவிட்டார்கள். போய்ப் பார்க்கும்போது வேலை முடிந்துவிட்டது. மேலிருந்து கீழ்வரை பூ, ஒரு விரல் அளவுகூட உள்ளே தெரியவில்லை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. எல்லோரும் செல்ஃபி எடுத்தார்கள்.

தங்கச்சியை உட்கார வைப்பதற்கு முன்னால் அக்கா பையனும் பக்கத்து வீட்டுப் பையனும் ஏறி ஆடினார்கள். இரண்டு பேரும் சேர்ந்து நாற்பது, ஐம்பது கிலோதான் இருப்பார்கள். வலது பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். பலகை சரிந்து, அக்கா பையன் தாடை தரையில் அடித்து ரத்தம். மண்டபம் ஆஸ்பத்திரியில் தையல் போட்டு அழைத்து வந்தோம். ஏழு மாதக் கர்ப்பிணி அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

எங்கள் சித்தப்பா விசைப்படகில் போகிறவர். கயிறு, கொக்கி விஷயத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை. அவர் வந்ததும் ஒன்றும் பேசாமல் இடது பக்கப் பூவைக் கையாலேயே உரித்தார். "எங்கடா சங்கிலி?" என்றார். பித்தளைச் சங்கிலி எங்குமே இல்லை. உள்ளே இருந்தது வெயிலில் கிடந்து வெளுத்த நீல பிளாஸ்டிக் கயிறு. நகத்தால் சுரண்டினால் தூள் தூளாக வருகிறது. அந்தக் கயிற்றை மேல் குழாயில் மாட்டியிருந்தது ஒரு 'எஸ்' வடிவக் கம்பிக் கொக்கி. இடது பக்கம் அதன் வாய் பாதி விரிந்திருந்தது, வலது பக்கம் முழுதாக நிமிர்ந்து நழுவியிருந்தது. தேக்குப் பலகை என்று சொன்னதும் பிளைவுட்டில் தேக்கு நிற ஸ்டிக்கர் ஒட்டியது.

எஸ் கொக்கி ஏன் ஆகாது என்று சித்தப்பா அப்போதே விளக்கினார். அதன் இரண்டு வாயும் திறந்தே இருக்கும். அசையாமல் தொங்கும் சாமானுக்குப் பரவாயில்லை. ஊஞ்சல் வீசும்போது இழுப்பு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், கொக்கி கொஞ்சம் கொஞ்சமாக விரியும். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பெரியவர்கள், பலகை எல்லாம் சேர்த்து 150 கிலோ என்று வையுங்கள். செங்குத்திலிருந்து 45 டிகிரி வரை வீசி ஆடினால், கீழே கடந்துபோகும் அந்தக் கணத்தில் கயிறுகள் தாங்கும் இழுப்பு சுமார் ஒன்றரை மடங்குக்கு மேல், கிட்டத்தட்ட 240 கிலோ. ஒருவர் ஓரமாக உட்கார்ந்தால் ஒரு பக்கத்துக்குப் பாதிக்கு மேல் போகும். யாராவது 'தொப்' என்று வந்து உட்கார்ந்தால் இன்னும் அதிகம். மெதுவாக அசைத்தால் கூடுதல் பாரம் ரொம்பக் குறைவு. ஆனால் விழா வீட்டில் பிள்ளைகளைப் பிடித்து வைக்க முடியுமா?

படகில் இந்த மாதிரி இடத்துக்கு ஷேக்கிள் போடுவார்கள். லாட வடிவில் வளைந்து, வாயைக் குறுக்காக ஒரு பின் அடைத்திருக்கும், தானாக விரியாது. சங்கிலியாக இருந்தால் ஒவ்வொரு கண்ணியும் வெல்டிங் வைத்து மூடியிருக்க வேண்டும். வெறுமனே வளைத்த கண்ணியில் மெல்லிய இடைவெளி தெரியும், அதுவும் எஸ் கொக்கி மாதிரிதான் விரியும்.

அடுத்தது அந்த இரும்பு ஸ்டாண்ட். வெளியே தங்க நிற ஸ்பிரே பெயிண்ட். சித்தப்பா ஒரு ஸ்பேனரால் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'கணீர்' என்று கேட்டது, அடியில் வெல்டிங் பக்கம் 'பொத்'தென்று கேட்டது. அங்கே பெயிண்ட் கொப்பளித்திருந்தது. அழுத்தினால் விரல் உள்ளே போகாத குறை. கடலோரத்தில் உப்புக்காற்று குழாயை உள்பக்கத்திலிருந்தே தின்னும். மேலே புதுப் பெயிண்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது.

ஸ்டாண்ட் இரண்டு கால் வைத்த வெறும் வாசல் சட்டம். முன்பின்னாகச் சாயாமல் பிடிக்கக் கவட்டைக் கால் கிடையாது, அடியில் மணல் மூட்டை கிடையாது. அதன் பின்னால் பச்சைப் புல் விரிப்பைப் பாய்மரம் மாதிரி இழுத்துக் கட்டியிருந்தார்கள். எங்கள் வாசல் தென்கடலைப் பார்த்தது, ஆனியில் கச்சான் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொக்கி தாங்கியிருந்தாலும் மத்தியானக் காற்றில் சட்டமே சாய்ந்திருக்கும். வெளியில் பின்திரை வேண்டுமென்றால் காற்று ஊடுருவும்படி சரம் சரமாகத் தொங்கவிட வேண்டும், முழுத் துணியாகக் கட்டக் கூடாது.

பூவிலும் ஏமாற்றுதான். கண்ணில் படும் முன்பக்கம் மட்டும் நிஜச் செண்டு, பின்பக்கம் துணிப்பூ. மல்லிச்சரம் என்று சொன்ன திரை முழுக்க பிளாஸ்டிக். நிஜப் பூவும் முந்தின நாள் சரக்கு. காம்புப் பக்கப் பச்சை கறுத்து, தொட்டால் பிசுபிசுத்தது. வாட்டம் தெரியாமல் இருக்கத் தண்ணீர் தெளித்திருந்தார்கள், அது சொட்டி அக்காவின் பட்டுப்புடவையில் மஞ்சள் கறை.

போன் செய்தால் அவர் பேச்சே மாறிவிட்டது. "அண்ணே, அது போட்டோவுக்குத்தான். ஆடுறதுக்குன்னு யாரு சொன்னா?" பணம் திரும்பாது, மீதி 7,000-ஐயும் கேட்டார். கொடுக்கவில்லை.

விழா நிற்கவில்லை. சித்தப்பா வீட்டுப் பழைய ஊஞ்சல் பலகையும் சங்கிலியும் வந்தன. எங்கள் கூடத்து உத்தரத்தில் தாத்தா காலத்து ஊஞ்சல் வளையம் இரண்டு இருக்கிறது. முதலில் துருவைச் சுரண்டிப் பார்த்து, இரண்டு ஆம்பிளைகள் ஏறித் தொங்கி, சத்தமோ விரிசலோ இல்லை என்று தெரிந்த பிறகுதான் பூவைச் சுற்றினோம். கான்கிரீட் தளத்தில் புதிதாக ஓட்டை போட்டு ஆங்கர் போல்ட் மாட்டலாம் என்று ஒருவர் சொன்னார். சித்தப்பா மறுத்துவிட்டார். கடலோரப் பழைய தளத்தில் உள்ளே கம்பி துருப்பிடித்துக் காரை உப்பியிருந்தால் போல்ட் அப்படியே பிடுங்கிக்கொண்டு வரும்.

புக் செய்தால் மூன்று விஷயம் எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை பேர் உட்கார்ந்து ஆடலாம், தொங்குவது சங்கிலியா கயிறா, பூ நிஜமா துணியா. வாட்ஸ்அப் மெசேஜாக இருந்தாலும் போதும். அப்புறம், பூச்சுற்ற ஆரம்பிக்கும் முன் வீட்டு ஆள் ஒருவர் அங்கே நின்று எலும்புக்கூட்டைப் பார்க்க வேண்டும், படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சம்மதிக்காதவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

எங்களைப் போல் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. நாங்கள் பணம் அனுப்பிய ரசீது, அவர் அனுப்பிய படம், தையல் போட்ட சீட்டு எல்லாம் சேர்த்து மனு தயார் செய்துகொண்டிருக்கிறோம். நிமிர்ந்த கொக்கியும் என்னிடம் இருக்கிறது. வேறு யாருக்காவது இதே மாதிரி நடந்திருந்தால் தகவல் சொல்லுங்கள், மனுவில் சேர்த்துக்கொள்ளலாம்.