ஒற்றை வயர் மொனிட்டர் என்று சொல்லி 94,500 ரூபாயை வாங்கிவிட்டார்கள்

யாழ்ப்பாண நகரில் கணினிப் பொருட்கள் விற்கும் ஒரு கடையில் 27 அங்குல மொனிட்டர் வாங்கினேன். விலை 94,500 ரூபாய். யூஎஸ்பி-சி வயர் ஒன்றைச் செருகினால் படமும் வரும், மடிக்கணினியும் சார்ஜ் ஆகும் என்பதுதான் பேச்சு. அதற்காகவே சாதாரண மொனிட்டரைவிட அதிகம் கொடுத்தேன்.

கடைக்காரர் என் மடிக்கணினியையே வாங்கிச் செருகிக் காட்டினார். படம் வந்தது. பற்றரிக் குறியில் மின்னல் அடையாளமும் வந்தது. "பார்த்தீர்களா தம்பி, இனிச் சார்ஜரைப் பெட்டிக்குள் வைத்துவிடலாம்" என்றார். கண்முன்னே வேலை செய்யும் பொருளை யார் சந்தேகிப்பார்கள்?

வீட்டில் வேலை தொடங்கியதும் பற்றரி இறங்கத் தொடங்கியது. வயர் செருகியபடியே இருக்கிறது, மின்னல் அடையாளமும் இருக்கிறது, ஆனால் மாலைக்குள் கணினி அணைந்துவிட்டது. நண்பர் ஒருவர் வயருக்கு இடையில் செருகும் சிறிய மின் அளவியைக் கொண்டுவந்தார். அது காட்டியது 5 வோல்ட், 2.9 ஆம்பியர். அதாவது 15 வாட்டுக்கும் குறைவு. என் கணினியின் சார்ஜர் 20 வோல்ட்டில் 65 வாட் கொடுப்பது. வேலை செய்யும்போது கணினி 30 வாட் அளவில் இழுக்கும். மீதியைப் பற்றரிதான் கொடுத்தாக வேண்டும். மொனிட்டரின் விபரக் குறிப்பிலும் அந்தத் துளைக்கு நேரே 15 வாட் என்றுதான் பொடி எழுத்தில் இருக்கிறது. வயரை மாற்றிப் பார்த்தும் மாற்றமில்லை. மொனிட்டர் கொடுக்காததை வயர் எங்கிருந்து கொண்டுவரும்?

கடைக்குப் போனால் முதலில் "உங்கள் பற்றரி பழசு" என்றார்கள். பிறகு விண்டோஸில் பிழை என்றார்கள். அளவியின் படத்தைக் காட்டியதும், "பெட்டி பிரித்த பொருளைத் திருப்பி எடுப்பதில்லை. முதலாளி கொழும்பில் நிற்கிறார்." 94,500 ரூபாயை எண்ணி வாங்கும்போது முதலாளி எங்கே நின்றாரோ!

இதற்கு மேல் ஒரு துணிச்சல். மடிக்கணினியோடு பல பொருட்களை ஒரே இடத்தில் இணைக்கும் 100 வாட் டொக் ஒன்றை 22,000 ரூபாய்க்கு வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமாம். பெட்டியைப் புரட்டிப் பார்த்தேன். அந்த டொக்குக்குத் தனி மின் இணைப்பே இல்லை. என் சார்ஜரை அதில் செருகினால், தன் தேவைக்குக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு மிச்சத்தைக் கணினிக்கு அனுப்பும். 100 வாட் என்பது அதன் வழியே போகக்கூடிய உச்ச அளவு. அது தானாகக் கொடுப்பது ஒன்றுமில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், கோபத்தில் முடியவில்லை. யூஎஸ்பி-சி துளை இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தத் துளை கணினிக்குக் கொடுக்கும் மின்சாரம், அதாவது பவர் டெலிவரி, எத்தனை வாட் என்று கேளுங்கள். உங்கள் சார்ஜரில் அச்சிட்டிருக்கும் வாட்டுக்குக் குறைந்தால் விட்டுவிடுங்கள். மின்னல் அடையாளத்தை நம்பாதீர்கள். பற்றரி பாதியாக இருக்கும்போது கொண்டுபோய், நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலையை ஓடவிட்டு, அரை மணி நேரத்தில் சதவீதம் ஏறுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். அந்த வாட் அளவைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். என்னுடையதில் "மொனிட்டர் 27, ரூ. 94,500" என்று மட்டும்தான் இருக்கிறது.