பதினான்கு மாதங்கள், மூன்று அடாப்டர்கள்: என் கம்பியில்லா சார்ஜிங் பேட் ஏன் மெதுவாகவே இருந்தது

அட்டைப்பெட்டியின் மீது 10 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்த கம்பியில்லா சார்ஜிங் பேட் ஒன்றை வாங்கிப் பதினான்கு மாதங்களாகின்றன. பெட்டிக்குள் பேடும் ஒரு குட்டைக் கேபிளும் மட்டுமே இருந்தன, அடாப்டர் இல்லை. மேசை இழுப்பறையில் கிடந்த பழைய போனின் அடாப்டரையே செருகிப் பயன்படுத்தத் தொடங்கினேன். 4000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி கொண்ட என் போன் 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்தை எட்ட மூன்றே கால் மணி நேரத்துக்கும் மேல் ஆனது. நடுநடுவே பேடின் விளக்கு சிமிட்டும், சார்ஜ் ஏறுவது நின்று மீண்டும் தொடங்கும். பேடில்தான் கோளாறு என்று எண்ணித் திருப்பி அனுப்பவும் முடிவு செய்திருந்தேன்.

அனுப்புவதற்கு முன், யூஎஸ்பி மீட்டர் ஒன்றை அடாப்டருக்கும் கேபிளுக்கும் இடையில் செருகிப் பார்த்தேன். அடாப்டரின் முதுகில் இருந்த, தேய்ந்துபோன பொடி எழுத்துகள் 5 வோல்ட், 1 ஆம்பியர் என்று சொல்லின. அதாவது அதன் உச்சத் திறனே 5 வாட். மீட்டரோ 4.6 வோல்ட், 0.95 ஆம்பியர் என்று காட்டியது, பெருக்கினால் ஏறத்தாழ 4.4 வாட். பேடுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் இந்த மின்சாரத்தைக் காந்தப்புலமாக்கிப் போனுக்குள் இருக்கும் சுருளுக்குக் கடத்தும்போது, கால்பங்குக்கு மேல் வெப்பமாகவே போய்விடும். ஆகவே போனைச் சேர்ந்தது சுமார் 3 வாட் மட்டுமே. விளக்கு சிமிட்டியதற்கும் இதுவே காரணம்: பேட் கேட்ட அளவைக் கொடுக்க முடியாமல் அடாப்டரின் மின்னழுத்தம் சரிந்தது, ஒரு வரம்புக்குக் கீழே இறங்கியதும் பேட் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டு மீண்டும் முயன்றது.

வாட் குறைவுதான் சிக்கல் என்றால் பெரிய அடாப்டர் போதுமே என்று நினைத்து, 5 வோல்ட், 2 ஆம்பியர் வகையை மாட்டினேன். என்னைப் போலப் பலரும் ஏமாறும் இடம் இதுதான். சிமிட்டல் அடியோடு நின்றது, மீட்டரில் 1.4 ஆம்பியர், அதாவது 7 வாட் வந்தது, அதே 60 சதவீதம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனது. ஆனால் அடாப்டரில் 3 வாட் மிச்சமிருந்தும் பேட் அதைத் தொடவேயில்லை. பேடின் அடிப்பகுதியைப் புரட்டிப் படித்தபோதுதான் விளங்கியது: உள்ளீடு 5 வோல்ட் என்றால் வெளியீடு 5 வாட், உள்ளீடு 9 வோல்ட் என்றால் வெளியீடு 10 வாட் என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். இவ்வகைப் பேட் மின்சாரம் ஏறியதும், யூஎஸ்பி கம்பிகளின் வழியே அடாப்டரிடம் 9 வோல்ட் தர முடியுமா என்று கேட்கும். குவிக் சார்ஜ், பவர் டெலிவரி போன்ற முறைகள் இந்தப் பேச்சுவார்த்தைக்காகவே இருக்கின்றன. பழைய அடாப்டருக்கு அந்த மொழி தெரியாது. பதில் வராததால் பேட் 5 வாட் நிலையிலேயே தங்கிவிடும். போனின் திரையும் எப்போதும் போலச் சார்ஜ் ஆகிறது என்றே காட்டும், ஆகவே எந்த எச்சரிக்கையும் நமக்குக் கிடைக்காது.

மூன்றாவதாக வாங்கியது, 9 வோல்ட், 2 ஆம்பியர் தரும் 18 வாட் குவிக் சார்ஜ் அடாப்டர். அதிலும் முதல் நாள் பழைய கதையே தொடர்ந்தது. காரணம், தரவுக் கம்பிகள் இல்லாத மலிவான கேபிள் ஒன்றை மாட்டியிருந்தேன். அந்தக் கேள்வியும் பதிலும் செல்ல வழியே இல்லை. பேடோடு வந்த குட்டைக் கேபிளுக்கு மாறியதும் மீட்டர் ஒரு நொடி 5 வோல்ட் காட்டிவிட்டு 9 வோல்ட்டுக்குத் தாவியது, 1.5 ஆம்பியர் ஓடியது. அதே 60 சதவீதம் இப்போது ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. கணக்குப்படி இன்னும் சற்று விரைவாக ஏறியிருக்க வேண்டும். ஆனால் அரை மணி நேரத்தில் போன் சூடேறி, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கோடையில், மின்விசிறி ஓடாத அறையில் இந்தக் குறைவு இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

உறவினர் ஒருவர் தம் போனோடு வந்த 33 வாட் அடாப்டரைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அதுவும் பேடை 5 வாட்டிலேயே நிறுத்தியது, ஏனெனில் அந்த அடாப்டர் தன் நிறுவனத்துப் போன்களுடன் மட்டுமே பேசும் தனி முறையில் வேகம் தருவது. பேட் கேட்ட 9 வோல்ட்டுக்கு அது இணங்கவில்லை. அதனால் அடாப்டர் வாங்கும்போது மொத்த வாட்டைப் பார்ப்பதைவிட, வெளியீட்டு வரியில் 9 வோல்ட் இருக்கிறதா, பேட் ஏற்கும் முறையின் பெயர் அதில் உள்ளதா என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

இப்போது 9 வோல்ட் அடாப்டர் அலுவல் மேசையில் இருக்கிறது. படுக்கையருகே வேண்டுமென்றே 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரையே வைத்திருக்கிறேன். இரவு ஆறு மணி நேரம் கிடைக்கும்போது 5 வாட் தாராளமாகப் போதும், காலையில் எடுக்கும்போது போனும் குளிர்ச்சியாக இருக்கிறது. அந்த 1 ஆம்பியர் அடாப்டரை மட்டும் பேடின் பக்கமே கொண்டுபோவதில்லை.