கப்பலில் வந்த தட்டுக்கு எந்த நாடு போடுவது?

காரைக்குடியில் பழைய சாமான் வியாபாரம் செய்கிறேன். கடையில் விற்பதோடு, இணையத்தில் பட்டியலிட்டு சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா என்றும் அனுப்புகிறேன். சில வருடங்களாக ஒவ்வொரு பொருளுக்கும் நிரப்பி வரும் இரண்டு கட்டங்களைப் பற்றித்தான் இந்தப் பகிர்வு. ஒன்று ‘உற்பத்தி நாடு’, மற்றது ‘எச்எஸ் எண்’ எனப்படும் சுங்க வரி எண். புகைப்படம், விலை, விவரணை எல்லாவற்றையும் விட இந்த இரண்டுக்குத்தான் நான் இப்போது அதிக நேரம் கொடுக்கிறேன்.

முதலில் நாடு. வேறு ஊர் வியாபாரிகளுக்கு இது யோசிக்காமல் நிரப்பும் கட்டம். நம் ஊரில் அப்படி இல்லை. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வெளியே வரும் எனாமல் தட்டு, தூக்கு, டிபன் கேரியர்களில் பாதிக்கு மேல் இந்தியாவில் செய்தவையே அல்ல. ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் என்று அடியில் முத்திரை இருக்கும். கடல் கடந்து கொண்டுவிக்கப் போனவர்கள் வாங்கி வந்து, மகள் கல்யாணத்துக்குச் சீராக அடுக்கி, பின்னால் பங்கு பிரிக்கும்போது பழைய சாமான் கடைகள் இருக்கும் எங்கள் முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வந்து சேர்ந்த சாமான்கள். மூன்று தலைமுறை இந்த மண்ணில் இருந்தாலும் சுங்கத்தின் கணக்கில் அது ஸ்வீடன் தட்டுதான். உற்பத்தி நாடு என்பது பொருள் செய்யப்பட்ட இடம். யாரிடம் இருந்தது, எங்கிருந்து பார்சல் கிளம்புகிறது என்பதெல்லாம் வேறு கட்டங்களுக்கு உரியவை.

எங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணனுக்கு நடந்ததைச் சொன்னால் விளங்கும். அமெரிக்காவில் இருக்கும் ஒருவருக்கு நாலடுக்கு எனாமல் கேரியர் ஒன்றை விற்றார். பட்டியலின் தலைப்பில் ‘ஸ்வீடன் எனாமல்’ என்று பெருமையாகப் போட்டிருந்தார். படங்களில் ஒன்று அடிப்பகுதி முத்திரையின் நெருக்கப் படம். ஆனால் உற்பத்தி நாடு என்ற கட்டத்திலும் கூரியர் இன்வாய்ஸிலும் இந்தியா. பார்சல் அங்கே போய் நின்றுவிட்டது. பொருளின் விவரம் ஒன்று சொல்கிறது, அறிவிப்பு வேறொன்று சொல்கிறது, விளக்கம் தரவும் என்று கூரியரிடமிருந்து கடிதம் வந்தது.

“தம்பி, காரைக்குடியிலேர்ந்துதானே போகுது, இந்தியான்னு போடாம வேற என்னத்தப் போடுறது?” என்று என்னிடம் கேட்டார்.

“அனுப்புற ஊருன்னு ஒரு கட்டம் தனியா இருக்குல்லண்ணே, காரைக்குடி அங்கதான் வரும். இது செஞ்ச எடம்” என்றேன்.

முத்திரைப் படத்தோடு திருத்திய இன்வாய்ஸ் அனுப்பிய பிறகுதான் பார்சல் நகர்ந்தது. அதற்குள் வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்க ஆரம்பித்திருந்தார்.

முன்பெல்லாம் அமெரிக்காவுக்கு 800 டாலருக்கு உட்பட்ட பார்சல்கள் வரியில்லாமல் போனதால் இந்தக் கட்டத்தை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. 2025 ஆகஸ்ட் 29 முதல் அந்தச் சலுகை எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. அப்போதிருந்து ஒற்றைத் தட்டுக்கும் வரி உண்டு. அந்த வரி பொருள் செய்யப்பட்ட நாட்டைப் பொறுத்தது. இரும்பு, எஃகுச் சாமான்களுக்கு அங்கே தனிக் கூடுதல் வரியும் இருக்கிறது. விகிதங்கள் அடிக்கடி மாறுவதால் பட்டியலில் நான் விகிதம் எதையும் எழுதுவதில்லை. நாட்டையும் எண்ணையும் சரியாகக் கொடுத்துவிட்டால், அன்றைய விகிதத்தை அங்கே போட்டுக்கொள்வார்கள். சிங்கப்பூருக்கு நிலைமை எளிது. பெரும்பாலான பொருள்களுக்கு அங்கே சுங்கத் தீர்வை கிடையாது, ஜிஎஸ்டி மட்டும் 9 சதவீதம். நாடு மாறினாலும் அங்கே தொகை மாறாது. அதற்காக ஒரே தட்டுக்கு அமெரிக்காவுக்கு ஸ்வீடன், சிங்கப்பூருக்கு இந்தியா என்று போட முடியாது. பட்டியல் ஒன்றுதான்.

முத்திரை படிப்பதுதான் இதில் உண்மையான வேலை. பழைய தட்டின் அடியில் புகையும் எண்ணெயும் படிந்திருக்கும். பாத்திரம் தேய்க்கும் பொடியும் தேங்காய் நாரும் போட்டால் அழுக்கோடு முத்திரையும் போய்விடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பேன். பிறகு இருட்டான அறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மங்கிப்போன எழுத்துகூடத் தெரியும். எந்த வீட்டுச் சாமான் என்று காட்டும் விலாச எழுத்தை பெயிண்டால் முத்திரை மேலேயே எழுதியிருப்பதும் உண்டு. அந்த எழுத்தை நான் சுரண்டுவதில்லை. அதுவும் அந்தப் பொருளின் சரித்திரம், அதற்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதிகம் குழப்புவது செக்கோஸ்லோவாக்கியா. 1993 ஜனவரி 1 முதல் அந்த நாடே இல்லை. கட்டத்தின் பட்டியலில் செக் குடியரசுக்கு CZ, ஸ்லோவாக்கியாவுக்கு SK என்று இரண்டுதான் வரும். எனாமல் ஆலைகள் இரண்டு பக்கமும் இருந்தன. செஸ்கே புத்யேயோவிட்சே என்ற ஊர் இன்று செக் குடியரசில் இருக்கிறது, ஃபிலாகோவோ ஸ்லோவாக்கியாவில் இருக்கிறது. ஆகவே முத்திரையில் நாட்டின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. ஆலையின் சின்னமோ ஊரின் பெயரோ கிடைக்கிறதா என்று பார்த்து, அந்த ஊர் இன்று எந்த நாட்டில் இருக்கிறதோ அதைப் போடுகிறேன். விவரணையில் முத்திரையில் உள்ளதை அப்படியே எழுதிவிட்டு, ஆலை இன்று இன்ன நாட்டில் உள்ளது என்று ஒரு வரி சேர்க்கிறேன். போருக்குப் பின் அமெரிக்கப் படை ஜப்பானில் இருந்த காலத்தில் ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்று முத்திரையிட்ட சாமான்களில் இந்தக் குழப்பமே இல்லை. அவற்றுக்கு JP.

பழைய வெள்ளைத் தட்டுகளில் இங்கே புதிதாகப் பூவும் கிளியும் வரைந்து விற்பவர்கள், “வேலைப்பாடு நம்மளது, அப்ப இந்தியாதானே?” என்று கேட்கிறார்கள். வேலைப்பாடு நம்முடையதுதான், அதை விவரணையில் தாராளமாக எழுதலாம். ஆனால் ஏற்கெனவே முழுமையாக இருக்கும் தட்டின் மேல் படம் வரைவதால் பொதுவாக அதன் உற்பத்தி நாடு மாறாது. தட்டு தட்டாகவேதான் இருக்கிறது. பொருளே பெயரும் தன்மையும் உபயோகமும் மாறி வேறொன்றாக ஆனால்தான் நாடு மாறும்.

இனி எண்ணுக்கு வருகிறேன். எச்எஸ் எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் உலகமெங்கும் பொது. அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் தேவைக்குச் சேர்த்துக்கொள்ளும். இந்தியாவில் எட்டு, அமெரிக்காவில் பத்து. பட்டியல் கட்டத்தில் நான் ஆறோடு நிறுத்திவிடுகிறேன். நம் எட்டு இலக்கத்தை அங்கே போட்டால் கடைசி இரண்டு இலக்கங்களுக்கு அந்த நாட்டில் வேறு அர்த்தம் இருக்கலாம். எனாமல் பூசிய இரும்புத் தகட்டுப் பாத்திரங்களுக்கு 7323.94. வார்ப்பிரும்பில் எனாமல் பூசியிருந்தால் 7323.92. அலுமினியம் என்றால் அத்தியாயமே மாறி 7615க்குப் போய்விடும். மேஜையில் ஒரு காந்தம் வைத்திருக்கிறேன். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் மறுபடி பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் ஆபத்தான ஆசை இருக்கிறது. 9706 என்பது 100 வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருள்களுக்கான எண். பல நாடுகளில் அதற்கு வரி குறைவு, அல்லது இல்லை. அதைப் பார்த்துவிட்டு தட்டையும் கதவையும் அந்த எண்ணில் போடச் சொல்பவர்கள் உண்டு. நம் நாட்டின் 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி 100 வருடத்துக்குக் குறையாத பழமை உள்ள பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது. கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்தவையும் அதில் அடங்கும். வரி மிச்சம் என்று 9706 எழுதினால், தடை செய்யப்பட்ட பொருளை அனுப்புகிறேன் என்று நம் கையாலேயே எழுதிக்கொடுத்ததாகிவிடும். வயது சந்தேகமாக இருக்கும் எதற்கும் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்று வாங்கிய பிறகே அனுப்ப வேண்டும். தேக்குத் தூண், நிலை, கதவு இவற்றை நான் வெளிநாட்டுப் பட்டியலில் ஏற்றுவதே இல்லை.

ஓலைக்கொட்டானில் நாடு பிரச்சினையே இல்லை, இந்தியாதான். எண்தான் தவறிப்போகும். பட்டியல் பக்கத்தில் ‘பை’ என்று தேடினால் 4202ஐ முதலில் நீட்டும். அது தோல், துணிப் பைகளுக்கான எண். பின்னல் பொருள்கள் அதில் சேராது என்று அத்தியாயக் குறிப்பிலேயே இருக்கிறது. பனையோலைக் கொட்டானுக்கு 4602.19. உள்ளே துணி தைத்து ஜிப் வைத்திருந்தாலும் வெளிப்பின்னல்தான் அதன் உயிர் என்பதால் எண் மாறாது. மென்பொருள் நீட்டும் முதல் பரிந்துரையை அப்படியே ஏற்காமல், அந்த எண்ணின் தலைப்பையும் குறிப்பையும் ஒருமுறை படித்துவிடுவது என் வழக்கம்.

ஆத்தங்குடிக் கல்லிலும் இதே கதைதான். ‘டைல்ஸ்’ என்று தேடினால் சூளையில் சுட்ட ஓடுகளுக்கான 6907 வரும். ஆத்தங்குடிக் கல் சிமென்டும் மணலும் வண்ணப் பொடியும் சேர்த்துக் கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீரில் பதப்படுத்துவது. அதற்கு 6810.19.

முத்திரை எந்த வகையிலும் கிடைக்காத எனாமல் சாமான்களும் வருகின்றன. அவற்றை உள்நாட்டு விற்பனைக்கு மட்டும் வைத்துவிடுகிறேன். ஊகித்து ஒரு நாட்டை எழுதுவதற்கு எனக்கு மனம் வராது, அந்தத் தாளில் கையெழுத்து என்னுடையது. பொருளைப் பட்டியலில் ஏற்றும்போதே நாட்டையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதி அதோடு கட்டிவிடுவேன். தபாலில் அனுப்பும்போது CN23 என்ற சுங்க அறிவிப்புப் படிவத்திலும் இதே இரண்டு கட்டங்கள் வரும். அந்தத் தாளைப் பார்த்தே நிரப்புவதால் இரண்டும் ஒன்றாக இருக்கும்.

மொத்தமாகப் பட்டியலேற்றுகிறவர்களுக்கு ஒரு விஷயம். எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர் மசாலாப் பொடி அனுப்புகிறார். மசாலாக் கலவைக்கு 0910.91. அவருடைய பேத்தி எக்செல்லில் திறந்து சேமித்த கோப்பில் முன்னால் இருந்த சுழியம் காணாமல் போய்விட்டது:

```
Title,HS Code,COO
Masala 200g,91091,IN
```

ஐந்து இலக்கம் இருப்பதைப் பார்த்து யாராவது பின்னால் ஒரு சுழியம் சேர்த்தால் 910910 ஆகிவிடும். அது மின்சாரக் கடிகார இயந்திரத்துக்கான எண். நல்லவேளையாக ஏற்றும் முன்பே கண்ணில் பட்டது. அந்த நெடுவரிசையை முதலில் ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட்டு எண்ணைத் தட்டச்சு செய்தால் சுழியம் நிற்கும். சேமித்த கோப்பை மறுபடி எக்செல்லில் திறக்காமல் நோட்பேடில் திறந்து, எல்லா எண்ணும் ஆறு இலக்கமா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.