வாடகையை 3,000 ரூபாய் ஏற்ற மூன்று வழிகள்: எதில் யாருக்கு எவ்வளவு?

சென்னையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகளாக வாடகை 15,000. அதே தெருவில் அதே அளவு வீடு இப்போது 18,000-க்குப் போகிறது. பதினோரு மாத ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. ஓனர் மார்ச் முதல் வாரம் கடிதம் எழுதப்போகிறார். ஒப்பந்தம் நடுவில் இருந்தால் பேச்சே வேறு. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எழுதியபடிதான் வாடகையை மாற்ற முடியும்.

முதல் வழி, ஏப்ரலிலிருந்தே 18,000. ஓராண்டில் ஓனர் கைக்கு 2,16,000 வரும். இரண்டாவது, மூன்று மாதம் பழைய வாடகை, ஜூலையிலிருந்து 18,000. அதில் வருவது 2,07,000. மூன்றாவது, இரண்டு மாதம் 15,000, ஜூனிலிருந்து ஆறு மாதம் 16,500, டிசம்பரிலிருந்து 18,000. மொத்தம் 2,01,000.

பார்த்தால் முதல் வழிதான் லாபம். ஆனால் குடியிருப்பவர் காலி செய்துவிட்டால்? வீடு ஒரே ஒரு மாதம் பூட்டிக்கிடந்தாலும் 18,000 போச்சு. மூன்றாவது வழியில் ஓனர் விட்டுக்கொடுப்பது ஆண்டுக்கு 15,000 மட்டும்தான். குடியிருப்பவருக்கும் வீடு மாறுவது லேசல்ல: புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, சாமான் ஏற்றும் வண்டி, பழைய ஓனர் பெயிண்டிங்குக்குப் பிடிக்கும் தொகை. அதனால் அவரும் முடிந்தவரை இருக்கவே பார்ப்பார். திடீரென்று 3,000 கூடும்போதுதான் வேறு வீடு தேடத் தொடங்குவார்.

இரண்டாவது வழி மோசமில்லை. பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடிகிறவரை அவகாசம் கிடைக்கிறது. போவதானால் மே மாதத்தில் போய்விடலாம். ஆனால் ஜூலையில் அதே 3,000 ஒரேயடியாகத்தான் வந்து விழுகிறது. சம்பளக்காரர் வீடென்றால் நான் மூன்றாவதையே எடுப்பேன்.

காரணம் எழுதும் இடத்தில்தான் பல கடிதங்கள் சறுக்குகின்றன. "சொத்து வரி ஏறிவிட்டது" என்று மட்டும் எழுதினால், குடியிருப்பவர் ரசீதைக் கேட்பார். வரி ஆண்டுக்கு 2,400 கூடியிருந்தால் மாதத்துக்கு 200தான். மோட்டார் மாற்றிய 12,000 ரூபாயையும் சேர்க்கக் கூடாது; அது ஒருமுறைச் செலவு, அதுவும் ஓனர் செய்யவேண்டிய பழுது. நேர்மையான கடிதம் இப்படி இருக்கும்: "வரி கூடியதில் மாதம் 200, வாட்ச்மேன் சம்பளம் கூடியதில் 500, மீதி 2,300 இந்தத் தெருவின் இன்றைய வாடகைக்குச் சமமாக்க. மூன்று ஆண்டாக ஏற்றவில்லை." கடைசி வரியைச் சொல்ல ஓனர்கள் ஏனோ கூச்சப்படுகிறார்கள்.

அப்புறம் அட்வான்ஸ். பத்து மாத அட்வான்ஸ் வாங்கியிருந்தால், வாடகை ஏறியதும் இன்னும் 30,000 கேட்பாரோ என்ற பயம் எதிரில் இருப்பவருக்கு இருக்கும். எந்த வழியானாலும், "அட்வான்ஸில் மாற்றம் இல்லை" என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.