ஹப் கியர் என்று விற்றார்கள், வந்தது ப்ரீவீல்: போட்டோ பார்த்து கியர் சைக்கிள் வாங்குபவர்கள் கவனத்துக்கு

மண்டபத்தில் இருந்து பாம்பன் பாலம் தாண்டி தினமும் வேலைக்குப் போய்வரும் ஒருவர், இணையத்தில் விளம்பரம் பார்த்து, வெளியூரில் இருந்து பழைய கியர் சைக்கிள் ஒன்றை 11,000 ரூபாய்க்கு வரவழைத்தார். விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: "7 ஸ்பீட் ஹப் கியர், டிஸ்க் பிரேக், கடற்கரை ஊருக்கு ஏற்றது, துரு பிடிக்காது." பணம் முழுக்க முன்கூட்டியே போய்விட்டது. பார்சலைப் பிரித்தால் ஹப் கியரும் இல்லை, பின்னால் டிஸ்க்கும் இல்லை. விற்றவர் யார் என்பது இங்கே தேவையில்லை. அவர் அனுப்பிய இரண்டு போட்டோக்களிலேயே எல்லாம் தெரிந்திருக்கிறது. எங்கே பார்க்க வேண்டும் என்பது வாங்கியவருக்குத் தெரியவில்லை, அதைத்தான் எழுதுகிறேன்.

அவர் ஹப் கியரைத் தேடியதில் நியாயம் உண்டு. கச்சான் அடிக்கிற மாதங்களில் பாலத்தின் மேல் எதிர்காற்றில் கியர் இல்லாமல் மிதிப்பது பெரும்பாடு. சாதாரண கியர் செட்டோ முழுக்க வெளியே தொங்குவது. உப்புக் காற்றும் மணலும் நேராக அதன் மேல் படியும். ஹப் கியரில் பற்சக்கரங்கள் எல்லாம் பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள்ளேயே, கிரீஸுக்குள் மூடிக் கிடக்கும். அதனால் இந்தக் கரைக்கு அது தோதான வகைதான். "துரு பிடிக்காது" என்பது மட்டும் பொய். கேபிளும் செயினும் வெளியேதான் இருக்கின்றன. அவை ஹப் கியர் வண்டியிலும் துருப்பிடிக்கும்.

முதல் போட்டோ வழக்கம்போல வலது பக்கத்தில் இருந்து எடுத்தது. விற்பவர்கள் எல்லோரும் செயின் தெரியும் பக்கத்தைத்தான் எடுப்பார்கள். அதில் பின் சக்கரத்தின் நடுவைப் பெரிதாக்கிப் பார்த்தால், பெரியதில் தொடங்கி சிறியது வரை ஏழு பற்சக்கரங்கள் கோபுரம் போல அடுக்கி இருந்தன. ஹப் கியர் வண்டியில் அப்படி இருக்காது. பின்னால் ஒரே ஒரு பற்சக்கரம், அதன் பக்கத்தில் டம்ளர் பருமனுக்குத் தடித்த ஹப், ஆக்ஸில் முனைக்கோ அதன் ஓரத்துக்கோ வந்து சேரும் ஒரு கேபிள், இவைதான் தெரியும். பழைய மூன்று கியர் ஹப்பாக இருந்தால் வலது பக்க ஆக்ஸில் துளைக்குள் இருந்து குட்டிச் சங்கிலி ஒன்று வெளியே வந்து கேபிளோடு சேரும். அடுக்கையும் ஹப் கியரையும் சேர்த்து வைத்த ரகங்களும் உலகத்தில் உண்டு, ஆனால் நம் பக்கத்துப் பழைய வண்டி விளம்பரங்களில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

அடுக்குக்குக் கீழே, இரண்டு சின்னப் பல் உருளைகளோடு ஒரு கை தொங்கியது. அதுதான் டீரெய்லர். கேபிள் இழுக்கும்போது செயினை ஒரு பற்சக்கரத்தில் இருந்து அடுத்ததற்குத் தள்ளுவது அதன் வேலை. இங்கே ஒரு எச்சரிக்கை. டீரெய்லர் போன்ற கை தெரிந்தாலே ஹப் கியர் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. சில ஹப் கியர் வண்டிகளில் செயின் தளராமல் இருக்க அதே மாதிரி உருளைக் கையை மாட்டியிருப்பார்கள். அதற்குக் கேபிள் இருக்காது. ஆகவே முதலில் எண்ண வேண்டியது பின்னால் உள்ள பற்சக்கரங்களை. ஒன்றா, பலவா? கைக்குக் கேபிள் போகிறதா என்பது அடுத்த கேள்வி. ஹப் தடித்திருப்பதும் தனியே சாட்சி ஆகாது. டிரம் பிரேக் ஹப்பும் தடிப்பாகத்தான் இருக்கும். ஹேண்டில்பாரில் 1 முதல் 7 வரை எண் போட்ட முறுக்குப் பிடியைக் காட்டி நம்ப வைப்பார்கள். அந்தப் பிடி இரண்டு வகைக்கும் வருகிறது.

இவருடைய வண்டியில் டீரெய்லர் பிரேமோடு நேரே மாட்டப்படவில்லை. ஆக்ஸில் நட்டுக்கு அடியில் செருகிய ஒரு தகட்டில் தொங்கியது. விலை குறைந்த வண்டிகளில் இது சாதாரணம். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் வண்டி வலது பக்கம் ஒருமுறை சாய்ந்து விழுந்தால் அந்தத் தகடு உள்பக்கமாக வளையும், பெரிய பற்சக்கரத்துக்கு மாற்றும்போது டீரெய்லர் ஸ்போக்ஸ் கம்பிகளுக்குள் சிக்கும். பின்னால் இருந்து எடுத்த போட்டோவில் இரண்டு உருளைகளும் பற்சக்கரத்துக்கு நேர் கீழே, சக்கரத்துக்கு இணையாக நிற்க வேண்டும். கீழ் உருளை ஸ்போக்ஸ் பக்கம் ஒதுங்கித் தெரிந்தால் வளைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்தது டிஸ்க். பெரிய பற்சக்கரத்துக்கும் ஸ்போக்ஸ் கம்பிக்கும் நடுவில் பளபளவென்று வட்டமாக ஒன்று தெரிந்தது. அதைத்தான் அவர் டிஸ்க் என்று நினைத்திருக்கிறார். அது செயின் உள்ளே விழுந்து கம்பியை அறுக்காமல் காக்கும் வெறும் பிளாஸ்டிக் தட்டு. டிஸ்க் பிரேக்கின் தட்டு பின் சக்கரத்தில் இடது பக்கம், செயினுக்கு எதிர்ப்புறம் இருக்கும். இரும்புத் தகடு, துளைத் துளையாக வெட்டியிருக்கும், பொதுவாக 160 மில்லிமீட்டர் அகலம், கனம் இரண்டு மில்லிமீட்டருக்கும் உள்ளேதான். அதோடு அந்தத் தட்டின் ஓரத்தை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டு ஒரு காலிப்பர் பிரேமில் போல்ட் போட்டு நிற்கும். காலிப்பர் கண்ணில் படவில்லை என்றால், வட்டமாக எது மின்னினாலும் அது பிரேக் இல்லை.

சந்தேகம் வந்து அவர் இடது பக்கப் போட்டோ கேட்டிருக்கிறார். நல்ல கேள்விதான். இரண்டாவது போட்டோ வந்தது. வண்டி எதிர்ப்பக்கம் பார்த்து நின்றது, இவரும் திருப்தியாகிவிட்டார். அது முதல் போட்டோவையே கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போட்டது! செயின் இடது பக்கம் ஓடியது, அவ்வளவு போதும். கடையில் விற்கும் சைக்கிள்களில் செயின் வலது பக்கம்தான். பிரேமில் உள்ள எழுத்து இடவலம் மாறித் தெரிந்தாலும் காட்டிக்கொடுத்திருக்கும், அதை வெட்டிவிட்டிருந்தார்கள். சுவரில் இருந்த கறை இரண்டு படத்திலும் சக்கரத்துக்கு அதே தூரத்தில் நின்றது.

உண்மையில் முன் சக்கரத்தில் மட்டும் டிஸ்க் இருந்தது. பின்னால் ரிம்மைப் பிடிக்கும் சாதாரண பிரேக். முன் காலிப்பரிலும் ஒரு விஷயம் பார்க்கலாம். இறுக்கும் சின்ன நெம்புகோலும் அதன் நுனியில் போல்ட் போட்டுப் பிடித்த கம்பியும் வெளியே தெரிந்தால் அது கேபிளில் இயங்குவது. கறுப்புக் குழாய் மட்டும் நேரே காலிப்பருக்குள் போய் முடிந்தால், கம்பி எதுவும் வெளியே தெரியாவிட்டால், எண்ணெயில் இயங்கும் ஹைட்ராலிக். இவருக்கு வந்தது கேபிள் வகை. நம் ஊரில் அதுவே நல்லது, கம்பி துருப்பிடித்தால் எந்தச் சைக்கிள் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம்.

இவருக்குச் செலவு வைத்தது இவை எதுவும் இல்லை, ப்ரீவீல்தான். ஏழு பற்சக்கர அடுக்கு ஹப்போடு சேரும் விதம் இரண்டு. ப்ரீவீல் என்றால் அடுக்கு, அதன் உள்ளே ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் கவ்விகள், எல்லாம் ஒரே துண்டு, ஹப்பின் மரையில் திருகி நிற்கும். கேஸட் என்றால் கவ்விகள் ஹப்போடு இருக்கும், பற்சக்கரங்கள் மட்டும் அதன் மேல் செருகி ஒரு வளையத்தால் இறுக்கப்பட்டிருக்கும். ப்ரீவீல் ஹப்பில் வலது பக்க பேரிங் குண்டுகள் அடுக்குக்கு உள்பக்கமே முடிந்துவிடுகின்றன. அங்கே இருந்து பிரேம் வரை ஆக்ஸில் தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கிறது. அடுக்கு அகலமாக அகலமாக அந்த நீளம் கூடும். கேரியரில் மீன் பெட்டி, தண்ணீர்க் கேன் என்று ஏற்றிக்கொண்டு குழியில் இறங்கினால் ஆக்ஸில் அந்த இடத்தில்தான் வளையும். கேஸட் ஹப்பில் குண்டு வெளிமுனைக்கு அருகே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

இதைப் போட்டோவில் பிரித்தறிய, ஆக்ஸில் நட்டை ஒட்டி உள்ளே பாருங்கள். சிறிய பற்சக்கரத்தின் மேல் வரிவரியாக ஓரம் வைத்த வளையம், அதில் பெரும்பாலும் LOCK என்ற எழுத்தும் அம்புக்குறியும் இருந்தால் கேஸட். வளையம் இல்லாமல், நடுவில் பள்ளமோ உள்பல்லோ மட்டும் இருந்தால் ப்ரீவீல். சிறிய பற்சக்கரத்தில் 11 அல்லது 12 பல் எண்ண முடிந்தால் அநேகமாகக் கேஸட், 14 என்றால் அநேகமாக ப்ரீவீல். படம் தெளிவில்லை என்றால் பத்து வினாடி வீடியோ கேளுங்கள். பெடலைப் பின்னோக்கிச் சுற்றும்போது அந்த நடுப்பகுதி பற்சக்கரத்தோடு சேர்ந்து சுற்றினால் கேஸட், அசையாமல் நின்றால் ப்ரீவீல்.

ஆக்ஸில் வளைந்திருப்பதைப் போட்டோ காட்டாது. பின்னால் இருந்து எடுத்த படத்தில் டயர் ஒரு பக்கத் தண்டை ஒட்டி நின்றால் சந்தேகப்படலாம், உறுதி சொல்ல முடியாது. வீடியோவில் அடுக்கு லேசாக அலைவதை வைத்தும் முடிவு செய்யக் கூடாது, புது ப்ரீவீல் கூட அப்படி அலையும். சக்கரத்தைக் கழற்றி, ஆக்ஸிலை விரலால் சுற்றிப் பார்ப்பதுதான் சரி. முனை வட்டம் போட்டால் வளைந்திருக்கிறது. இவருடையதில் முனை நன்றாகவே வட்டம் போட்டது.

ஆக்ஸிலை மாற்ற ப்ரீவீலைக் கழற்ற வேண்டும், அங்கேதான் உப்பு வேலையைக் காட்டியது. ஒவ்வொரு மிதியும் ப்ரீவீலை ஹப்பில் இன்னும் இறுக்குகிறது, மேலே துரு வேறு. நம் கடைகளில் ஒற்றைப் பற்சக்கர ப்ரீவீலுக்கு உள்ள கழற்றி இதற்குப் பொருந்தாது. உள்பல் எந்த வகையோ அதற்குரிய கழற்றி வேண்டும். மரையில் துரு எண்ணெய் விட்டு ஒரு இரவு வைத்து, கழற்றியைச் செருகி, வழுக்காமல் ஆக்ஸில் நட்டால் லேசாகப் பிடித்து, கழற்றியை வைஸில் கவ்வி, ரிம்மை இரண்டு கையாலும் இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். அசைந்தவுடன் நட்டைத் தளர்த்தாவிட்டால் அதுவே தடுக்கும். எண்ணெய் விடும்போது முன் டிஸ்க்கில் ஒரு சொட்டும் தெறிக்கக் கூடாது. பிரேக் பேடில் எண்ணெய் ஊறினால் பிரேக் கத்தும், பிடிக்காது.

விற்பவரிடம் கேட்க வேண்டியது நாலு படம்: பின் ஆக்ஸில் உயரத்தில் கேமராவை வைத்து வலது பக்கம், அதே உயரத்தில் இடது பக்கம், பின்னால் இருந்து நேராக ஒன்று, பிரேமின் எழுத்தும் செயினும் ஒரே சட்டத்தில் வரும்படி முழு வண்டி ஒன்று. கடைசிப் படம் திருப்பிப் போடும் வேலைக்கு இடம் கொடுக்காது. மண்டபத்துக்காரர் இதையே கேட்டு அடுத்த விற்பனையாளருக்கு அனுப்பினார். அங்கே வந்த பதில், "வண்டி கோடவுனில் இருக்கு, வெளிச்சம் இல்லை சார்." அதை அவர் வாங்கவில்லை.