‘இன்ன’ என்று தொடங்கும் வசனம்: அழுத்தம் ‘நிச்சயமாக’ என்ற சொல்லிலா, பயனிலையிலா?

குர்ஆன் வசனம் ஒன்று, கூற்றை உறுதிப்படுத்தும் ‘இன்ன’ என்ற அரபு இடைச்சொல்லில் தொடங்கும்போது தமிழில் அதற்கு ஈடாக எதை வைப்பது என்ற கேள்வி, படிப்பு வட்டம் ஒன்றுக்காகச் சில அத்தியாயங்களைத் தமிழாக்க உட்கார்ந்த முதல் நாளிலேயே எனக்கு எழுந்தது. பழகிய வழி ஒன்று இருக்கிறது. வசனத்தின் தலையில் ‘நிச்சயமாக’ என்றோ ‘திண்ணமாக’ என்றோ எழுதிவிட்டு, மீதி வாக்கியத்தை இயல்பாக முடிப்பது அது. இன்னொரு வழி, தலையில் எதுவும் வைக்காமல், வாக்கியம் முடியும் இடமான பயனிலையில் அழுத்தத்தை ஏற்றுவது. முதல் வரைவு முழுவதையும் முதல் வழியில்தான் எழுதினேன். யாஸீன் அத்தியாயத்துக்கு வந்தபோது அது கைகொடுக்கவில்லை. திரும்பிப் போய்ப் பெரும்பாலான ‘நிச்சயமாக’க்களை எடுத்துவிட்டேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் நான் இரண்டாம் வழியின் பக்கம் நிற்கிறேன்.

இலக்கணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘இன்ன’ பெயர்ச்சொல்லில் தொடங்கும் வாக்கியத்தின் முன் வந்து, எழுவாயை இரண்டாம் வேற்றுமை வடிவத்துக்கு மாற்றும்; பயனிலை எழுவாய் வடிவிலேயே நிற்கும். அது வினையடை அன்று, எந்தத் தனிச் சொல்லையும் தழுவி நிற்பதும் இல்லை. ‘நான் சொல்லும் இந்த முழுச் செய்தியும் இப்படியே’ என்று வாக்கியம் முழுவதன் மீதும் வைக்கும் முத்திரை அது. முத்திரையை அரபு மொழி முதலில் வைக்கிறது. தமிழில் ஒரு கூற்றின் உறுதி வாக்கியத்தின் கடைசியில்தான் தெரியவரும். நம் சிக்கலுக்கு இந்த வேறுபாடே அடிப்படை.

‘நிச்சயமாக’ என்பதற்குரிய நன்மைகள் வெளிப்படையானவை. மூலத்தில் ‘இன்ன’ இருக்கும் அதே இடத்தில் அது நிற்கிறது. அரபு தெரியாதவருக்கும் அங்கே ஏதோ ஒரு சொல் இருப்பது தெரிகிறது. வாசகர் காதுக்குப் பழகியும் இருக்கிறது. ஆனால் நாம் அன்றாடம் ‘நிச்சயமாக’ என்று எப்போது சொல்கிறோம் என்று பார்க்க வேண்டும். கண்ணெதிரே வந்து நிற்பவரைக் காட்டி ‘நிச்சயமாக வந்திருக்கிறார்’ என்று யாரும் சொல்வதில்லை. இன்னும் வராதவரைப் பற்றித்தான் ‘நிச்சயமாக வந்துவிடுவார்’ என்கிறோம். நேரில் அறியாத ஒன்றை நம்பிக்கையோடு ஊகிக்கும்போதும், வாக்குக் கொடுக்கும்போதும் அந்தச் சொல் நம் வாயில் வருகிறது. ‘இன்ன’ ஊகத்தின் சொல் அன்று. ‘மெய்யாகவே’ என்று மாற்றிப் பார்த்தேன். அது தமிழ் விவிலியத்தின் ஒலியைக் கூடவே கொண்டுவந்தது. ‘திண்ணமாக’ இவற்றுள் மேலானது, ஆனால் இன்றைய பேச்சில் புழக்கம் குறைவு.

இவை சிறிய குறைகள். என்னை மாற்றியது வேறொன்று: அழுத்தத்துக்குப் படிகள் உண்டு, தலையில் வைக்கும் ஒற்றைச் சொல் அந்தப் படிகளைத் தட்டையாக்கிவிடுகிறது.

இந்தப் படிகளைப் பற்றி அரபு அணியிலக்கண அறிஞர் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். மெய்யியலாளர் அல்கிந்தி, மொழியறிஞர் அபுல் அப்பாஸிடம் வந்து, அரபு மொழியில் வெற்றுச் சொற்கள் இருப்பதாகக் குறை சொல்கிறார். ‘அப்துல்லாஹ் நிற்கிறார்’ என்பதையே மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஒன்றில் எதுவும் இல்லை, ஒன்றில் ‘இன்ன’ இருக்கிறது, ஒன்றில் ‘இன்ன’வோடு பயனிலையில் ‘ல’ என்ற இடைச்சொல்லும் இருக்கிறது. பொருள் மூன்றுக்கும் ஒன்றுதானே என்கிறார். அபுல் அப்பாஸ் அதை மறுக்கிறார்: முதலாவது செய்தி தெரியாதவருக்குச் சொல்வது, இரண்டாவது கேள்வியோடு இருப்பவருக்குச் சொல்லும் விடை, மூன்றாவது மறுப்பவருக்குத் தரும் பதில். அணியிலக்கண நூல்கள் பின்னர் வகுத்துக்கொண்ட மூன்று நிலைகளும் இவையே. கேட்பவர் மனத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே அழுத்தத்தின் அளவு அமைகிறது.

யாஸீன் அத்தியாயத்தில் (36) இந்தப் படியேற்றத்தை மூன்றே வசனங்களுக்குள் காணலாம். ஓர் ஊருக்கு இரண்டு தூதர்கள் அனுப்பப்படுகிறார்கள், ஊரார் அவர்களைப் பொய்ப்பிக்கிறார்கள், மூன்றாமவர் வலுச்சேர்க்க வருகிறார். 14ஆம் வசனத்தில் தூதர்கள் ‘இன்னா இலைக்கும் முர்ஸலூன்’ என்கிறார்கள்; ‘இன்ன’வோடு ‘நாங்கள்’ சேர்ந்த வடிவமே ‘இன்னா’. 15ஆம் வசனத்தில் ஊரார் மூன்று அடுக்காக மறுக்கிறார்கள்: நீங்கள் எங்களைப் போன்ற மனிதர்களே, அருளாளன் எதையும் இறக்கவில்லை, நீங்கள் பொய்யே சொல்கிறீர்கள். அதன் பிறகு 16ஆம் வசனத்தில் தூதர்களின் பதில் ‘ரப்புனா யஃலமு இன்னா இலைக்கும் லமுர்ஸலூன்’ என்று வருகிறது. வாக்கியம் பெரும்பாலும் அதேதான். ‘எங்கள் இறைவன் அறிவான்’ என்ற ஆணைக்கு நிகரான தொடர் முன்னே சேர்ந்திருக்கிறது. ‘முர்ஸலூன்’ என்ற பயனிலையின் தலையில் ஒரு ‘ல’ ஏறியிருக்கிறது.

என் முதல் வரைவில் 14ஆம் வசனம் ‘நிச்சயமாக நாங்கள் உங்களிடம் அனுப்பப்பட்டவர்கள்’ என்று இருந்தது. 16க்கு வந்தபோது, ‘எங்கள் இறைவன் அறிவான்’ என்று எழுதிய பிறகு மறுபடியும் அதே ‘நிச்சயமாக நாங்கள் உங்களிடம் அனுப்பப்பட்டவர்கள்’தான் வந்து நின்றது. ஊரார் அவ்வளவு மறுத்த பிறகும் அவர்கள் குரல் ஒரு படிகூட உயரவில்லை. கையில் இருந்த வலுவான சொல்லை முதல் படியிலேயே செலவழித்துவிட்டேன்; அடுத்த படிக்கு ‘மிக நிச்சயமாக’ என்று எழுதினால் அது தூதர் பேச்சாக இல்லை.

பயனிலை வழியில் எழுதிப் பார்த்தபோது படிகள் தாமாகவே அமைந்தன. 14: ‘நாங்கள் உங்களிடம் அனுப்பப்பட்டவர்கள்தாம்.’ 16: ‘எங்கள் இறைவன் அறிவான்: நாங்கள் திண்ணமாக உங்களிடம் அனுப்பப்பட்டவர்கள்தாம்.’ ‘இன்ன’வுக்கு ஒரு ‘தாம்’. கூடுதலாக வந்த ‘ல’வுக்கு ஒரு ‘திண்ணமாக’. மூலத்தில் ஏறிய அதே அளவு இங்கும் ஏறுகிறது. முதலில் ‘தாம்’ என்பதற்குப் பதிலாக ஏகாரத்தைப் போட்டு ‘அனுப்பப்பட்டவர்களே’ என்று எழுதியிருந்தேன். வாய்விட்டுப் படித்தபோது அது விளியாக, ‘அனுப்பப்பட்டவர்களே!’ என்று யாரையோ கூப்பிடுவதாகக் கேட்டது. பன்மைப் பயனிலையில் ஏகாரம் இந்த ஆபத்தை எப்போதும் சுமந்து வரும். வாய்விட்டுப் படித்தால் ஒழிய இது கண்ணில் படாது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ‘தான்’, ‘ஏ’ ஆகியவற்றைப் பயனிலையில் வைக்க வேண்டுமே தவிர எழுவாயில் வைக்கக் கூடாது. ஏகாரத்துக்குத் தொல்காப்பியம் சொல்லும் ஐந்து பொருள்களில் தேற்றமும் ஒன்று, பிரிநிலையும் ஒன்று. நமக்கு வேண்டியது தேற்றம், அதாவது உறுதி. எழுவாயில் வைத்தால் கிடைப்பது பிரிநிலை. அல்அஸ்ர் அத்தியாயத்தில் (103) ‘இன்னல் இன்ஸான லஃபீ குஸ்ர்’ என்பதை ‘மனிதனே நஷ்டத்தில் இருக்கிறான்’ என்று எழுதினால், மற்ற எவரும் நஷ்டத்தில் இல்லை என்ற பொருள் உள்ளே வந்துவிடும். அப்படிப் பிரித்துக் காட்டும் வேலைக்கு அரபு மொழியில் ‘இன்னமா’ என்ற வேறு சொல் இருக்கிறது. ‘மனிதன் நஷ்டத்தில்தான் இருக்கிறான்’ என்பது சரியாக நிற்கிறது. முந்தைய வசனம் ‘காலத்தின் மீது சத்தியமாக’ என்று முடிவதால், அதை அடுத்து ‘நிச்சயமாக’ எழுதாமல் தப்பித்ததும் காதுக்கு நல்லது.

எழுவாயில் ஏகாரம் வரவேண்டிய இடமும் உண்டு. அல்கவ்ஸர் அத்தியாயத்தின் (108) மூன்றாம் வசனம் ‘இன்ன ஷானிஅக ஹுவல் அப்தர்’. இதில் எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே ‘ஹுவ’ என்ற பிரிக்கும் சுட்டுப்பெயர் நிற்கிறது, பயனிலையும் ‘அல்’ பெற்றிருக்கிறது. ‘நீர் அல்லர், உம்மைப் பகைப்பவனே வேரறுந்தவன்’ என்ற பிரிநிலை இவ்விரண்டிலிருந்தும் பிறக்கிறது. ஆகவே இங்கே ‘பகைப்பவனே’ சரி. ‘இன்ன’வைக் காட்டுவதற்காக முதல் வசனத்திலேயே ‘நாமே உமக்கு வழங்கினோம்’ என்று ஏகாரத்தைச் செலவழித்திருந்தால், மூன்றாம் வசனத்தின் ஏகாரம் கூர்மை இழந்திருக்கும்.

இரண்டு வழிகளுமே பொருந்தாத ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். அல்முஸ்ஸம்மில் அத்தியாயத்தில் (73) 5, 6, 7 ஆகிய மூன்று வசனங்களும் அடுத்தடுத்து ‘இன்ன’வில் தொடங்குகின்றன. அவற்றுக்கு முன்னால் இரவில் எழுந்து தொழுமாறு நபிக்குக் கட்டளை வருகிறது. ‘ஏன்?’ என்று கேட்பவர் மனத்தில் எழும் கேள்விக்கு இந்த மூன்றும் விடைகள்: கனத்த சொல் ஒன்று உம்மீது இறங்கவிருக்கிறது, இரவில் எழுவது உள்ளத்தில் ஆழப் பதியும், ஓதுவதற்கும் செம்மையானது, பகலிலோ உமக்கு நெடிய அலுவல் இருக்கிறது. ‘நிச்சயமாக’ என்று மூன்று முறை எழுதினால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று அறிவிப்புகளாகப் பிரிந்துவிடுகின்றன. அதிலும் ‘நிச்சயமாக இறக்குவோம்’ என்பது வாக்குறுதியாகவோ எச்சரிக்கையாகவோ மாறுகிறது. பயனிலையில் மூன்று ‘தான்’ போட்டாலும் அதே கதைதான். இங்கே ‘இன்ன’ முந்தைய பேச்சோடு இந்தப் பேச்சைக் கட்டும் கயிறு. அந்த வேலையையும் ஜுர்ஜானி விரிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார். ஆகவே 5ஆம் வசனத்தின் தொடக்கத்தில் ஒரே ஒரு ‘ஏனெனில்’ வைத்து, அடுத்த இரண்டையும் அந்தக் காரணத்தின் தொடர்ச்சியாக எழுதினேன்.

சொல்லுக்குச் சொல் பொருள் எழுதி அரபு கற்பிப்பவருக்கு என் வழியைப் பரிந்துரைக்க மாட்டேன். ‘இன்ன’ என்ற சொல்லுக்குக் கீழே ஏதாவது ஒன்றை எழுதியாக வேண்டும். அங்கே ‘நிச்சயமாக’ பயன்படும். நான் செய்து பார்த்ததும் பெரும்பாலும் சிறிய அத்தியாயங்களில்தான். நீண்ட சட்ட வசனங்களில் இதே வழி எவ்வளவு தூரம் தாங்கும் என்று உறுதி கூற என் அனுபவம் போதாது.

பயனிலை வினைமுற்றாக இருக்கும் இடங்களில் என் வழி தடுமாறுவதையும் ஒப்புக்கொள்கிறேன். அல்கத்ர் அத்தியாயத்தின் (97) முதல் வசனம் ‘இன்னா அன்ஸல்னாஹு ஃபீ லைலதில் கத்ர்’. ‘இறக்கினோம்தான்’ என்றால், ‘ஆமாம், இறக்கினோம், ஆனால்...’ என்று இழுப்பதுபோல ஆகிறது. ‘இரவில்தான் இறக்கினோம்’ என்றால் அழுத்தம் முழுவதும் இரவுக்குப் போகிறது. ‘நாமே இறக்கினோம்’ என்பதை விலக்கத்தான் நினைக்கிறேன். ஆனால் ‘நாம்’ என்பது எழுவாயிலும் வினையிலும் இருமுறை வருவதால் இங்கே இறக்கியவன் மீதும் ஓர் அழுத்தம் இருக்கிறது என்று வாதிடுபவரை என்னால் எளிதில் ஒதுக்க முடியவில்லை. இப்போதைக்கு ‘நாம் இதை மாண்புமிக்க இரவில் இறக்கியுள்ளோம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘உள்ளோம்’ என்ற முடிவு, நடந்து முடிந்து நிலைத்துவிட்ட செய்தி என்ற கனத்தைத் தருகிறது; வேறெந்தச் சொல்லையும் தனியே தூக்கிக் காட்டுவதில்லை. கவ்ஸரின் முதல் வசனத்துக்கும் அதே முடிவைத்தான், ‘வழங்கியுள்ளோம்’ என்று, வைத்திருக்கிறேன்.