'எஸ்.பி.எஃப் 30' என்று சொல்லி விற்ற தேங்காய் எண்ணெய்: என் மகளின் தோளில் வந்த கொப்புளங்கள்

போன மே மாதம் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போனோம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் வாட்ஸ்அப் குழு ஒன்றில் "இயற்கை சன்ஸ்கிரீன்" வாங்கினேன். செக்கு தேங்காய் எண்ணெயில் கற்றாழைச் சாறு சேர்த்தது, 100 மில்லி 480 ரூபாய். லேபிளில் பச்சை இலைப் படம், அதன் கீழே "எஸ்.பி.எஃப் 30, கெமிக்கல் இல்லை". எஸ்.பி.எஃப் என்பது வெயிலில் தோல் சிவக்காமல் எவ்வளவு காக்கும் என்று சொல்லும் எண். விற்ற பெண்ணிடம் என் மகளுக்கு ஒன்பது வயதுதான், தடவலாமா என்று கேட்டேன். "என் குழந்தைக்கும் இதைத்தான் தடவுகிறேன் அக்கா, பயப்படாதீர்கள்" என்றாள். நம்பினேன்.

தனுஷ்கோடியில் அரிச்சல்முனைக்குக் காலை பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். போவதற்கு முன் என் மகளின் முகம், கழுத்து, தோள், கை என்று எல்லா இடத்திலும் நன்றாகத் தடவிவிட்டேன். கையில்லாத கவுன். காற்று பலமாக அடித்ததால் வெயில் சுடவே இல்லை. ஒன்றரை மணி வரை மணலிலும் தண்ணீரிலும் விளையாடினாள். எங்களை ஏமாற்றியது அந்தக் காற்றும்தான். காற்று தோலின் சூட்டைக் குறைக்குமே தவிர, புற ஊதாக் கதிரைக் குறைக்காது. போதாததற்கு, காய்ந்த மணலும் கடல் நுரையும் அந்தக் கதிரில் ஒரு பங்கைத் திருப்பி நம் மேலேயே அடிக்கும்.

அறைக்குத் திரும்பும்போது ஒன்றும் தெரியவில்லை. மாலை ஆறு மணிக்குத் தோள் எரிகிறது என்று அழ ஆரம்பித்தாள். மாநிறம் என்பதால் சிவப்பு பளிச்சென்று தெரியவில்லை, செங்கல் நிறத்தில் கருத்துப்போய், தொட்டால் அனலாக இருந்தது. கவுனின் பட்டை இருந்த இடம் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு அவளுடைய சொந்த நிறத்திலேயே இருந்தது. எண்ணெய் தடவிய இடமெல்லாம் வெந்துவிட்டது, அந்த மெல்லிய துணி மறைத்த இடம் தப்பிவிட்டது. மறுநாள் காலை இரண்டு தோளிலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள்.

ஊர் திரும்பியதும் தோல் மருத்துவரிடம் போனோம். அதற்குள் விற்ற பெண்ணுக்கும் செய்தி அனுப்பியிருந்தேன். பதிலுக்கு அவள் ஒரு ஆய்வுக் கட்டுரையின் படத்தை அனுப்பினாள். தேங்காய் எண்ணெய்க்கு எஸ்.பி.எஃப் ஏறக்குறைய 8 என்று அதில் இருந்தது. 2010-இல் ராய்ப்பூர் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு அது, உண்மையானதுதான். மருத்துவர் படத்தைப் பார்த்ததும், "இதைத்தான் எல்லாரும் காட்டுகிறார்கள்" என்று சொல்லிவிட்டு, பொறுமையாக விளக்கினார்.

அந்த ஆய்வில் யாருடைய தோலிலும் எண்ணெயைத் தடவவில்லை. ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்த கரைசலில் துளியளவு எண்ணெயைக் கரைத்து, சின்னக் குப்பியில் ஊற்றி, அதன் வழியாகக் கதிரைச் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்து, அதை ஒரு சூத்திரத்தில் போட்டுக் கணக்கிட்டிருக்கிறார்கள். குப்பிக்குள் எண்ணெய் ஒரே சீராக நிற்கும். தோலில் அப்படி நிற்காது, மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும், வியர்வையில் நகரும். கடையில் விற்கும் சன்ஸ்கிரீனின் எண் வேறு மாதிரி வருகிறது. ஆட்களின் முதுகில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்று அளந்து தடவி, விளக்கின் கதிரைக் காட்டி, தடவாத தோலைவிட எத்தனை மடங்கு தாமதமாகச் சிவக்கிறது என்று பார்ப்பார்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது.

இன்னொன்றும் காட்டினார். அந்த ஆய்வு 290 முதல் 320 நானோமீட்டர் வரையுள்ள கதிரை மட்டுமே அளந்தது, அதாவது புற ஊதாக் கதிரில் யூவி-பி என்ற வகை. தோலைக் கறுக்க வைப்பதிலும் மங்கு கூடுவதிலும் பெரும் பங்குள்ள இன்னொரு வகையான யூவி-ஏ 320-இலிருந்து 400 வரை போகிறது. அந்தப் பக்கத்தை அது தொடவே இல்லை. கட்டுரையில் இருந்த 8 எப்படி லேபிளில் 30 ஆனது என்ற கேள்விக்கு அந்தப் பெண்ணிடமிருந்து இன்று வரை பதில் இல்லை.

மருத்துவர் சொன்னதில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது இதுதான். சோரியாசிஸ் நோயாளிகளுக்கு ஒளி சிகிச்சை கொடுக்கும் முன், செதில் படிந்த இடத்தில் எண்ணெய் தடவுவது உண்டாம். காய்ந்த செதில் ஒளியைச் சிதறடிக்கும், எண்ணெய் பட்டால் அது கண்ணாடி மாதிரி ஆகிக் கதிர் உள்ளே இறங்கும். கதிர் உள்ளே போவதற்காகத் தடவும் பொருளைத்தான் நான் கதிரைத் தடுக்க என் குழந்தைக்குத் தடவியிருக்கிறேன்.

கற்றாழையின் கதையும் இதேதான். அந்தக் கூழில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் தண்ணீர். வெந்த தோலில் தடவினால் குளிர்ச்சியாக, இதமாக இருக்கும், அதற்கு மருத்துவரே அனுமதித்தார். ஆனால் வெயிலைத் தடுக்க அதில் ஒன்றும் இல்லை. வீட்டுச் செடியிலிருந்து எடுப்பவர்கள், வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுக்கக் கழுவிவிடுங்கள், அது சிலருக்கு அரிப்பைக் கொடுக்கும்.

மனசு கேட்காமல் மொட்டை மாடியில் ஒன்று செய்து பார்த்தேன். என் கணவரின் கண்ணாடி வெயில் பட்டால் கறுக்கும் வகை. மெல்லிய பாலிதீன் துண்டு ஒன்றில் இந்த எண்ணெயையும், இன்னொன்றில் மருந்துக் கடையில் வாங்கிய சன்ஸ்கிரீனையும் தடவி, ஒவ்வொன்றையும் ஒரு கண்ணாடி வட்டத்தின் மேல் விரித்து வெயிலில் வைத்தேன். இரண்டு நிமிடம் கழித்து எடுத்தால், எண்ணெய்ப் பக்கம் நன்றாகக் கறுத்திருந்தது, சன்ஸ்கிரீன் பக்கம் லேசாகத்தான் நிறம் மாறியிருந்தது. இது பெரும்பாலும் யூவி-ஏ பக்கத்தைத்தான் காட்டும், எஸ்.பி.எஃப் எண்ணைச் சொல்லாது. ஆனால் எண்ணெய் கதிரை விட்டுவிடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க இது போதும்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில் குழந்தையை வெட்டவெளியில் விடுவதில்லை. போயே ஆகவேண்டும் என்றால் முழுக்கை, நெருக்கமாக நெய்த அடர்நிறத் துணி, காதும் பிடரியும் மறையும் அகல விளிம்புத் தொப்பி. மெல்லிய வெள்ளைப் பருத்தி நனைந்துவிட்டால் அதன் பாதுகாப்பு இன்னும் குறைந்துவிடும், கடற்கரையில் இதைக் கவனியுங்கள். துணி மறைக்காத இடத்துக்கு மட்டும் சன்ஸ்கிரீன்: எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேல், யூவி-ஏ, யூவி-பி இரண்டையும் தடுக்கும் 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்று போட்டது. மகளுக்கு மருத்துவர் ஜிங்க் ஆக்சைடு உள்ளதைக் கொடுத்தார். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கும் அளவு வேண்டும். பட்டாணி அளவு தடவினால் லேபிளில் உள்ள எண் கிடைக்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தண்ணீரிலிருந்து வந்து துடைத்ததும் இன்னொரு தடவை. மங்கு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும், அதற்கு அயர்ன் ஆக்சைடு சேர்த்த, தோல் நிறம் கொண்ட சன்ஸ்கிரீன்தான் உதவும் என்றார் மருத்துவர்.

நான் வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டியது லேபிளின் பின்பக்கம். நம் நாட்டில் சன்ஸ்கிரீன் சட்டப்படி அழகுசாதனப் பொருள். இங்கே தயாரித்தது என்றால் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதெல்லாம் இருந்தாக வேண்டும். என் பாட்டிலில் ஒரு கைபேசி எண் மட்டும் இருந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டாள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன், மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் எழுதியிருக்கிறேன். பச்சை இலை போட்ட இந்த மாதிரி பாட்டில் உங்கள் வீட்டிலும் இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். லேபிளின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து, பணம் அனுப்பிய ரசீதோடும் அவர்கள் அனுப்பிய செய்திகளோடும் சேர்த்து வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள்.